இரண்டு மீட்டரில் எடுத்த அளவுகள் ஒரே அறிக்கையில் சேருமா?

"மேடம், நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூக்கில் டிகிரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நிலத்தடி நீர் பற்றி ஐந்து பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்கிறோம். ஐந்து பேருக்கும் ஒரே அறிக்கை, ஒரே மார்க். வடகரப்பதிப் பக்கம் 15 போர்வெல் நானும் தோழியும் பார்த்தோம். எருத்தேம்பதிப் பக்கம் 15 போர்வெல் இரண்டு பையன்கள் பார்த்தார்கள், அவர்கள் வீடு அந்தப் பக்கம். எங்களிடம் காலேஜ் லேப் மீட்டர் இருந்தது. அவர்களிடம் ஆன்லைனில் வாங்கிய பேனா மீட்டர். டி.டி.எஸ். சராசரி எங்கள் பக்கம் 1,090, அவர்கள் பக்கம் 601. எருத்தேம்பதித் தண்ணீர்தான் நல்லது என்று முடிவுரையும் எழுதியாயிற்று. ஆனால் அவர்கள் கொடுத்ததில் மூன்று போரில் 118, 124, 131 என்று இருக்கிறது. வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஐந்தாமவள் எழுதித் தருகிறேன் என்றாள், ஒரு போருக்கும் வரவில்லை. நாலு பக்கம்தான் எழுதியிருக்கிறாள். கேட்டால் 'டேட்டா வந்தால்தானே எழுத முடியும்' என்கிறாள். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்கும் வேலையும் என் தலையில்தான். அந்த மூன்று எண்ணையும் எடுத்துவிடலாமா? அவள் பெயரை முகப்பிலிருந்து நீக்கலாமா? இன்னும் மூன்று வாரம் இருக்கிறது."
— பெயர் வெளியிட விரும்பாத மாணவி, கொழிஞ்சாம்பாறை அருகே

அன்புள்ள மாணவிக்கு,

இரண்டு கேள்விக்கும் இப்போதைக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். எண்ணையும் எடுக்காதீர்கள், பெயரையும் எடுக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். உங்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஏப்ரல் வெயிலில் வடகரப்பதித் தோட்டங்களில் வீடு வீடாகப் போய் மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீர் பிடித்தவர்களுக்கு, வீட்டில் இருந்தவர்களைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது வேறு. உங்கள் குழுவில் யார் நேர்மையானவர் என்ற கேள்விக்கு முன்னால், இரண்டு மீட்டரும் ஒரே பாஷை பேசுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும்.

மீட்டர் என்ன காட்டுகிறது?

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் வழியாக மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பதை, அதாவது மின்கடத்துத்திறனை, அளக்கிறது. அந்த எண்ணை ஒரு காரணியால் பெருக்கி "இவ்வளவு பிபிஎம்" என்று திரையில் காட்டுகிறது. அந்தக் காரணி எல்லா மீட்டரிலும் ஒன்று இல்லை. விலை குறைந்த பேனா மீட்டர்கள் பலவற்றில் அது 0.5, சமையல் உப்புக் கரைசலை வைத்துச் சரிசெய்த கணக்கு அது. லேப் மீட்டர்கள் சிலவற்றில் 0.7, இயற்கை நீரில் இருக்கும் சல்பேட், பைகார்பனேட் போன்றவற்றையும் மனதில் வைத்து வந்த கணக்கு. மீட்டரோடு வந்த தாளில் "0.5" அல்லது "NaCl", "0.7" அல்லது "442" என்று எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

இதனால் என்ன ஆகிறது? மின்கடத்துத்திறன் 1,200 மைக்ரோசீமன்ஸ் உள்ள ஒரே குவளைத் தண்ணீரில் ஒரு மீட்டர் 600 என்றும் இன்னொன்று 840 என்றும் காட்டும். இரண்டு மீட்டரும் பழுதில்லை, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 600-ஐயும் 840-ஐயும் ஒரே நெட்டு வரிசையில் போட்டுச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி பொய்.

உங்கள் குழு ஊர்வாரியாக வேலையைப் பிரித்துக்கொண்டது. வீடு பக்கத்தில் இருப்பவர் அந்தப் பக்கம் போகட்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பிரித்ததால் வடகரப்பதி என்றால் லேப் மீட்டர், எருத்தேம்பதி என்றால் பேனா மீட்டர் என்று ஆகிவிட்டது. இப்போது இரண்டு பக்கத்துக்கும் நடுவில் தெரியும் வித்தியாசம் நிலத்துக்கு உரியதா, மீட்டருக்கு உரியதா, அளந்த கைக்கு உரியதா என்று அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. குழு ஆய்வுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். வேலையைப் பிரித்த கோடும் ஆய்வு ஒப்பிட விரும்பும் கோடும் ஒன்றாகவே விழுந்துவிடும்.

118, 124, 131

இந்த மூன்று எண்ணைப் பற்றி நிதானமாக யோசிப்போம். வீட்டில் உட்கார்ந்து கற்பனையாக எழுதுகிறவர் கண்ணை உறுத்தாத எண்ணைத்தான் எழுதுவார். மற்ற போர்களில் 650, 780 என்று வந்திருந்தால் இவரும் 700, 720 என்று எழுதிவிட்டுப் போவார். கிழக்குச் சித்தூரின் பாறைப் போரில் 118 என்று எழுதத் துணிச்சல் வேண்டும், ஆர்.ஓ. தண்ணீரில் வரக்கூடிய எண் அது. இந்த எண்கள் கற்பனை இல்லை என்று நான் நினைப்பதற்கு அவை இவ்வளவு அபத்தமாக இருப்பதே முதல் காரணம்.

பேனா மீட்டர்கள் பலவற்றில் மூன்று இலக்கத்துக்குத்தான் இடம். அளவு 999-ஐத் தாண்டினால், பெரிய எழுத்தில் மூன்று இலக்கம் காட்டிவிட்டுத் திரையின் ஓரத்தில் சின்னதாக `x10` என்று மின்னும். அதாவது 118 என்று தெரிந்தால் உண்மையில் 1,180. வெயிலில் அந்தச் சின்ன எழுத்து கண்ணில் படாது, அதுவும் தெரியாதவர்களுக்கு. எனக்கு இருக்கும் வலுவான சந்தேகம், அந்த மூன்று போர்கள்தான் அந்தப் பக்கத்திலேயே உப்பு அதிகமான போர்கள். எடுத்துவிடலாமா என்று நீங்கள் கேட்ட எண்கள் அறிக்கையில் இருந்தே ஆக வேண்டிய எண்களாக இருக்கலாம்.

இதை நிச்சயப்படுத்துவது கஷ்டமில்லை. மீட்டரைப் பிடித்தபடி எடுத்த போட்டோ ஏதாவது பையன்களின் போனில் இருக்கிறதா என்று கேளுங்கள். குற்றவாளியை விசாரிக்கிற தொனி வேண்டாம். "இந்த மீட்டரில் `x10` என்று ஓரத்தில் வருமாமே, உங்களுக்கு வந்ததா?" என்று கேட்டால் போதும். போட்டோ இல்லையென்றால் பேனா மீட்டரோடு அந்த மூன்று போருக்கும் எல்லோருமாக ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

`x10` வரவில்லை, மறுபடி அளந்தாலும் 120-ஐ ஒட்டித்தான் இருக்கிறது என்றால், தண்ணீர் எங்கிருந்து பிடித்தார்கள் என்று கேளுங்கள். வாசல் குழாயில் பிடித்திருந்தால் அது மேல்தொட்டித் தண்ணீர். நம் பக்கத்தில் பல வீடுகளில் அதே தொட்டியில்தான் வாட்டர் அத்தாரிட்டி பைப் தண்ணீரும் விழுகிறது. அப்படியென்றால் அது போர் அளவே இல்லை. மோட்டாரைப் போட்டு ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, தொட்டிக்குப் போகும் முன் போர்க் குழாயிலேயே பிடிக்க வேண்டும். இது எதுவுமே இல்லை, அளக்காமல்தான் எழுதினார்கள் என்று அவர்களே ஒப்புக்கொண்டால், அப்போது அந்த மூன்று வரிசையை விட்டுவிட்டு "27 போர்கள்" என்று எழுதி, மூன்றை ஏன் விட்டீர்கள் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். சத்தமில்லாமல் எடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

மூன்று வாரம் தாராளம். இரண்டு நாள் மீண்டும் களத்துக்குப் போனால் போதும். 30 போரும் மறுபடி அளக்கத் தேவையில்லை. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று பத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சந்தேகமான மூன்றும் அதில் இருக்கட்டும். அளவு குறைந்தது, நடுத்தரம், அதிகம் என்று மூன்று வகையும் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். இரண்டு மீட்டரையும் ஒன்றாக எடுத்துப் போய் ஒவ்வொரு போரிலும் ஒரே குவளைத் தண்ணீரில் இரண்டையும் வையுங்கள்.

போவதற்கு முன் லேபில் ஒரு காரியம் செய்துவிடுங்கள். 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைடை வாலைவடி நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால், 25 டிகிரியில் அதன் மின்கடத்துத்திறன் 1,413 மைக்ரோசீமன்ஸ். உலகம் முழுக்க மீட்டரைச் சரிபார்க்கப் பயன்படுகிற கரைசல் இது. அதில் வைத்தால் 0.5 காரணி உள்ள மீட்டர் 700-ஐச் சுற்றிக் காட்டும், 0.7 உள்ளது ஆயிரத்தை ஒட்டிக் காட்டும். எது எந்த வகை என்பது களத்துக்குப் போகும் முன்பே தெரிந்துவிடும். இரண்டிலும் சேராமல் ஒரு மீட்டர் 850 என்று காட்டினால் அதைச் சரிசெய்யாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

களத்தில் வரக்கூடிய எண்கள் எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான்கு போரில் லேப் மீட்டர் 590, 846, 1,124, 1,655 என்று காட்டுகிறது, பேனா 421, 603, 801, அப்புறம் `x10`-ஓடு 118 என்று காட்டுகிறது என்று வையுங்கள். கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 169, 243, 323, 475 என்று ஏறிக்கொண்டே போகிறது. வகுத்துப் பார்த்தால் நான்கிலும் 1.4 தான். வித்தியாசம் ஏறி, விகிதம் நிலையாக நின்றால் காரணி வேறுபாடு என்று அர்த்தம். பேனா அளவுகளை 1.4 ஆல் பெருக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். விகிதம் மாறி, வித்தியாசம் எல்லாப் போரிலும் ஒரே எண்ணாக நின்றால் ஒரு மீட்டர் பூஜ்யத்திலிருந்தே தள்ளி நிற்கிறது. அப்போது பெருக்கக் கூடாது, கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இரண்டுமே நிலையில்லாமல் தாறுமாறாக வந்தால் எந்தக் கணக்கும் உதவாது. ஒரே மீட்டரோடு 15 போருக்கும் மறுபடி போவதுதான் வழி.

இப்போது உங்கள் கடிதத்து எண்களையே போட்டுப் பார்ப்போம். எருத்தேம்பதிப் பக்கம் 15 போரின் சராசரி 601 என்றால் மூன்றைத் தள்ளி மற்ற 12 போரின் சராசரி 720 வருகிறது. அந்த மூன்றும் உண்மையில் 1,180, 1,240, 1,310 என்றால் 15 போரின் சராசரி 825 ஆகிறது. அதை 1.4 ஆல் பெருக்கினால் 1,155. உங்கள் பக்கம் 1,090.

எழுதி முடித்த முடிவுரை தலைகீழாகிவிட்டது பாருங்கள். அதற்காக "வடகரப்பதித் தண்ணீர்தான் நல்லது" என்று மாற்றி எழுதிவிடவும் வேண்டாம். உங்கள் 15 போருக்குள்ளேயே ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சில நூறு பிபிஎம் வித்தியாசம் இருக்கும்போது, இரண்டு சராசரிக்கு நடுவில் இருக்கும் 65 ஒரு பொருட்டே இல்லை. 30 போரையும் 30 புள்ளிகளாக ஒரு படத்தில் போட்டு, "இந்த அளவுகளை வைத்து இரண்டு பக்கத்துக்கும் வேறுபாடு சொல்ல முடியவில்லை" என்று எழுதினால் அதுதான் சரியான முடிவு. ஆசிரியர் அதற்கு மார்க் குறைக்க மாட்டார். அப்படிக் குறைத்தாலும் நான் உங்கள் பக்கம்தான்.

வேலையை இப்போது எப்படிப் பிரிப்பது?

அந்த இரண்டு நாளும் பழைய ஜோடியாகப் போகாதீர்கள். உங்களில் ஒருவர், பையன்களில் ஒருவர் என்று கலந்து போங்கள், இரண்டு பக்கமும் போங்கள். ஐந்தாமவரையும் ஒரு நாளாவது கூட்டிக்கொள்ளுங்கள். தண்டனையாக இல்லை, களத்தைப் பார்க்காதவரால் செய்முறைப் பகுதியைச் சரியாக எழுத முடியாது என்பதற்காக.

போரடியில் மூன்று வேலைதான் இருக்கிறது. ஒருவர் தண்ணீர் பிடித்து, குவளையை அதே தண்ணீரில் மூன்று முறை அலசுகிறார். ஒருவர் மீட்டரை வைத்து, எண் அலையாமல் நிற்கும்வரை பொறுத்து, ஓரத்தில் `x10` இருக்கிறதா என்பதையும் சேர்த்து உரக்கப் படிக்கிறார். மூன்றாமவர் எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பிச் சொல்கிறார். அடுத்த போரில் மூவரும் இடம் மாறிக்கொள்ளுங்கள். நாலு போருக்கு ஒரு முறை, முதலில் படித்தவரின் எண்ணைப் பார்க்காமல் இன்னொருவர் அதே மீட்டரில் மறுபடி படிக்கட்டும். இரண்டும் ஐந்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் போதும் என்பது நான் என் மாணவர்களிடம் கேட்கும் கணக்கு. தண்ணீரை நிழலில் வைத்து அளக்க வேண்டும், திரையைப் போட்டோ எடுக்க வேண்டும், போட்டோ எண்ணைக் குறிப்பில் எழுத வேண்டும். இந்த மூன்றும் பழகிவிட்டால் நாளைக்கு யார் மேலும் யாருக்கும் சந்தேகம் வராது.

இப்படி மாறி மாறிச் செய்தால் அலைச்சலும் ஐந்து பேருக்கும் சமமாகிறது, அளந்த கையின் வேறுபாடும் இரண்டு பக்கத்திலும் சமமாகப் பரவிவிடுகிறது. அடுத்த முறை புராஜெக்ட் வந்தால் முதல் நாளிலிருந்தே இப்படித்தான் தொடங்குங்கள்.

சேர்ப்பது

சேர்க்கும் வேலை உங்கள் தலையில் விழுந்தது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அதை வெறும் காப்பி-பேஸ்ட் என்று நினைத்துவிடாதீர்கள். முதலில் எக்செலில் பையன்கள் கொடுத்தது, நீங்கள் எடுத்தது இரண்டையும் அப்படியே ஒரு தாளில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அதில் ஓர் எண்ணைக்கூட யாரும் தொடக் கூடாது. திருத்தம் எல்லாம் இரண்டாவது தாளில். அங்கே ஒவ்வொரு வரிசையிலும் போர் குறியீடு, தேதி, அளந்தவர், மீட்டர், திரையில் தெரிந்த எண், `x10` குறி, பிறகு திருத்திய எண் என்று வரட்டும். மீட்டர் D-யிலும், திரை எண் E-யிலும், குறி F-இலும் இருந்தால் G-யில் போட வேண்டியது இவ்வளவுதான்:

```
=IF(F2="x10",E2*10,E2)*IF(D2="pen",1.4,1)
```

1.4 என்பது என் உதாரணத்து எண். உங்கள் பத்துப் போரில் எது வருகிறதோ அதைப் போடுங்கள். யாராவது "இந்த 1,652 எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால் 118, `x10`, பேனா, 1.4 என்று பின்னோக்கிப் போய்க் காட்ட முடிய வேண்டும்.

எழுத்துப் பகுதிக்கு வருவோம். ஆளுக்கொரு பகுதி எழுதினால் முன்னுரை நாலு தடவை வரும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் வந்தது, மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் என்ற அதே பத்தியை மூன்று பேர் மூன்று விதமாக எழுதிக் கொடுப்பார்கள். நிலப் பின்னணியை ஒருவரிடம் மட்டும் கொடுத்துவிடுங்கள், மற்றவர்கள் அதைத் தொட வேண்டாம். செய்முறையை அளந்தவர்களில் ஒருவர் எழுதி, இன்னொரு ஜோடியில் இருந்தவர் படித்துச் சரிபார்க்கட்டும். முடிவுகளை ஒரே கை எழுதட்டும். முடிவுரையை மட்டும் ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து எழுதுங்கள், ஏனென்றால் வாய்மொழித் தேர்வில் அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் ஐந்து பேரும்தான்.

அதை எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 (2012) குடிநீரில் டி.டி.எஸ். 500 வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை அனுமதிக்கிறது. உங்கள் போர்கள் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன. ஆனால் டி.டி.எஸ். குறைவு என்பதால் தண்ணீர் பாதுகாப்பானது என்று எழுதக் கூடாது. கிழக்குப் பாலக்காட்டுப் பாறைகளிலிருந்து சில போர்களில் ஃப்ளோரைடு இறங்குகிறது. அதன் உச்ச வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான். இரண்டு மூன்று மில்லிகிராம் ஃப்ளோரைடு எந்த டி.டி.எஸ். மீட்டரிலும் தெரியாது. நைட்ரேட்டுக்கு 45 மில்லிகிராம் வரம்பு, அதையும் இந்த மீட்டர் தனியாகச் சொல்லாது.

அந்தப் பெயர்

ஐந்தாமவர் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. எழுதும் பொறுப்பை நீங்கள் நால்வரும் ஒப்புக்கொண்டுதான் அவரிடம் கொடுத்தீர்கள். முடிவுகளையும் விவாதத்தையும் அட்டவணை கைக்கு வராமல் யாராலும் எழுத முடியாது. வேலையைப் பிரித்த அன்றைக்கு, எந்தத் தேதியில் எண்கள் அவர் கைக்குப் போகும் என்று முடிவு செய்தீர்களா? செய்யவில்லை என்றால் அந்தத் தாமதத்தில் உங்கள் பங்கும் உண்டு. மறு பாதி அவருடைய பொறுப்பு. நிலப் பின்னணி, ஏற்கெனவே வந்த ஆய்வுகள், ஊர்ப் படம், இவற்றுக்கெல்லாம் உங்கள் எண்கள் தேவையே இல்லை. இத்தனை நாளில் நாலு பக்கம் போதாது என்று அவரிடம் நேராகச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பெயரை நீக்குவது மட்டும் உங்கள் கையில் இல்லை. குழுவை அமைத்தவர் ஆசிரியர், அதிலிருந்து ஒருவரை விலக்க வேண்டியவரும் அவர்தான். அவரிடம் சொல்லாமல் முகப்பில் நாலு பெயரோடு கொடுத்தால், அவள் வேலை செய்யவில்லை என்ற உங்கள் புகார் பின்னுக்குப் போய்விடும்; நீங்கள் செய்த காரியம்தான் பேச்சாகும்.

அதற்குப் பதிலாக அறிக்கையின் கடைசியில் "யார் என்ன செய்தோம்" என்று அரைப் பக்கம் சேருங்கள். ஆய்விதழ்களில் இது வழக்கம்தான்; "கிரெடிட்" என்று 14 வகைப் பணிகளைக் கொண்ட ஒரு பொதுப் பட்டியலையே அவற்றில் பல பயன்படுத்துகின்றன. உங்களுக்கு 14 தேவையில்லை. போர் உரிமையாளரிடம் அனுமதி கேட்டது, அளந்தது, எண்களை ஏற்றியது, சரிபார்த்தது, படம் வரைந்தது, எழுதியது, சேர்த்தது என்று ஏழு போதும். ஒவ்வொருவரும் தன் வரியைத் தானே எழுதட்டும், மற்ற நால்வரும் படித்துக் கையெழுத்துப் போடட்டும். செய்யாத வேலையைத் தன் பெயருக்கு நேராக எழுதி நாலு பேர் முன்னால் நீட்ட மனம் வராது. நீங்கள் செய்த சேர்க்கும் வேலையும் அங்கே வெளியில் தெரியும்; இப்போது அது யார் கண்ணிலும் படவில்லை, உங்கள் வருத்தத்தில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இந்த வாரமே ஐந்து பேரும் உட்காருங்கள். இரண்டு களநாள் எப்போது, திருத்திய அட்டவணை எந்தத் தேதியில் ஐந்தாமவர் கைக்குப் போகும், அங்கிருந்து எத்தனை நாளில் அவர் எழுதித் தருவார், இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதி ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகும் அவர் எழுதித் தரவில்லை என்றால் அந்தத் தாளோடு ஆசிரியரைப் பாருங்கள், ஐந்தாமவரையும் கூட வைத்துக்கொண்டே பேசுங்கள். ஒரே மார்க் என்பதை அவர் மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். மாற்றவில்லை என்றால் அதை ஏற்றுக்கொண்டு அறிக்கையை முடிப்பதுதான் நல்லது. அந்த அரைப் பக்கம் உங்கள் கையில் இருக்கும்.

கடைசியாக, மோட்டார் போட்டுத் தந்த 30 வீட்டுக்காரர்களும் "எங்க தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். பழைய எண்ணைச் சொல்லியிருந்தால், முக்கியமாக அந்த மூன்று வீடுகளில், திருத்திய எண்ணைத் தேதியோடு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். குடிக்கலாமா என்று கேட்டால் இந்த மீட்டரை வைத்து உங்களால் சொல்ல முடியாது என்று சொல்லி, ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் பார்க்க வாட்டர் அத்தாரிட்டியின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம் என்பதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.